முப்பது சொத்தைப் பருப்பும் ஒரு ரெஸ்யூமேயும்

"வேதியியல், நுண்ணுயிரியல் பரிசோதனைகள் செய்திருக்கிறேன். சுகாதாரத் தணிக்கைகளில் பங்கேற்றிருக்கிறேன். புதிய தயாரிப்புச் சோதனைகளில் உதவியிருக்கிறேன். எஃப்எஸ்எஸ்ஏஐ, ஐஎஸ்ஓ 22000, ஹாசப் தரநிலைகள் தெரியும்."

உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வேலை தேடுகிறவர்களின் ரெஸ்யூமேக்களில் இந்த நான்கு வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆங்கிலத்தில் இருக்கும், சொற்கள் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். எழுதியவர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலும் நிஜமாகவே உழைத்தவராகத்தான் இருப்பார். ஆனால் படிக்கிற தர மேலாளருக்கு இந்த வரிகளிலிருந்து ஒன்றும் தெரிவதில்லை. இவர் கையில் ஒரு லோடு சரக்கை ஒப்படைத்தால் என்ன செய்வார்? கெட்டதைக் கண்டுபிடிப்பாரா? கண்டுபிடித்தால், முதலாளி முகத்தைப் பார்த்து 'இதை அனுப்ப முடியாது' என்று சொல்வாரா? இந்தத் துறையில் வேலை என்பதே அந்த முடிவுதான். பரிசோதனை, தணிக்கை, தரநிலை எல்லாம் அந்த முடிவை எடுப்பதற்கான வழிகள். ரெஸ்யூமேயிலும் அந்த முடிவு தெரிய வேண்டும்.

பொதுவாகச் சொன்னால் புரியாது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பண்டத்தை எடுத்துக்கொள்வோம்: கடலை மிட்டாய். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலக்கடலை, வெல்லம், பாகு காய்ச்சும் கை, இவ்வளவுதான் அதன் மூலதனம். அப்படி ஒரு நடுத்தரக் கூடத்தில் மூன்று ஆண்டுகள் தரக் கட்டுப்பாட்டில் இருந்த ஒரு பெண் தன் ரெஸ்யூமேயை எழுத உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடமும் பெண்ணும் கற்பனை. அவருடைய பதிவேட்டில் நான் சொல்லப்போகும் எண்களும் எடுத்துக்காட்டுக்கு வைத்தவை. ஆனால் அவர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் கற்பனை இல்லை.

முதலில் ஆய்வகம். நிலக்கடலை என்றாலே தரக்காரர்கள் பயப்படுவது அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சுக்கு. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சையும் அதன் இனத்தைச் சேர்ந்த சிலவும் உண்டாக்குவது அது. நீண்ட நாள் உடலுக்குள் போனால் கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. இந்தியச் சட்டப்படி, மேலும் பதப்படுத்தப்போகும் பருப்பில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். அப்படியே தின்னத் தயாராக இருக்கும் பண்டத்தில் 10தான் எல்லை.

15 மைக்ரோகிராம் எவ்வளவு என்று கற்பனை செய்வது கடினம். ஒரு டன் பருப்புக்கு அது 15 மில்லிகிராம். இப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பருப்பு அரை கிராம் என்றால் ஒரு டன்னில் இருபது லட்சம் பருப்பு. பூஞ்சை எல்லாப் பருப்பையும் சமமாகப் பிடிப்பதில்லை. பெரும்பாலானவை சுத்தமாக இருக்கும். எங்கோ ஒன்றிரண்டில் மட்டும் நஞ்சு குவிந்திருக்கும். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட ஒற்றைப் பருப்பில் கிராமுக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்கு அஃப்ளாடாக்ஸின் இருந்ததாக ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்ட அரை கிராம் பருப்பு ஒன்றில் அரை மில்லிகிராம் நஞ்சு. ஆக, இருபது லட்சத்தில் வெறும் முப்பது பருப்பு அப்படி இருந்தாலே அந்த ஒரு டன்னும் எல்லையைத் தொட்டுவிடும்.

அந்த முப்பதை எப்படிப் பிடிப்பது? மேலே இருக்கும் ஒரு மூட்டையிலிருந்து அரை கிலோ அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதில் ஆயிரம் பருப்பு இருக்கும். முப்பதில் ஒன்றாவது அதற்குள் வந்திருக்க நூற்றுக்கு ஒன்றரை வாய்ப்புத்தான். வராவிட்டால் 'கண்டறியப்படவில்லை' என்று அறிக்கை வரும். வந்துவிட்டாலோ கிலோவுக்கு ஆயிரம் மைக்ரோகிராம் என்று பயங்கரமான எண் வரும். இரண்டுமே அந்தச் சரக்கின் உண்மை நிலை இல்லை. எல்லா மூட்டையிலும் குத்தூசி போட்டு 20 கிலோ சேர்த்தால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு நாற்பத்தைந்தாக உயரும். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், பதப்படுத்தப்போகும் நிலக்கடலைக்கு 20 கிலோ மாதிரி எடுக்கச் சொல்வது இதனால்தான். அந்த 20 கிலோவையும் முழுக்க அரைத்துக் கலந்து, பிறகுதான் அதிலிருந்து சில கிராம் எடுத்துச் சோதிக்க வேண்டும். இது மிக மோசமான நிலையை வைத்துப் போட்ட கணக்கு. நடைமுறையில் நஞ்சு இன்னும் கொஞ்சம் பரவலாக இருக்கும். ஆனாலும் பாடம் மாறாது. அஃப்ளாடாக்ஸின் விஷயத்தில் பெரிய பிழை இயந்திரத்தில் நடப்பதில்லை, மாதிரி எடுக்கும் கையில்தான் நடக்கிறது.

இதை அறிந்தவர் தன் ரெஸ்யூமேயில் 'அஃப்ளாடாக்ஸின் பரிசோதனை' என்று ஒற்றை வரியில் விட்டுவிட மாட்டார். நம் பெண் எழுதக்கூடியது இப்படி இருக்கலாம்: 'நிலக்கடலைப் பருப்பு வரவு: 20 மூட்டை கொண்ட ஒரு டன் லாட்டில் எல்லா மூட்டையிலும் குத்தூசி மாதிரி எடுத்து, 5 கிலோ கூட்டு மாதிரி தயாரித்து, முழுதும் அரைத்து, பட்டைச் சோதனையில் முதல்நிலைப் பரிசோதனை. சந்தேகத்துக்குரியவை என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற வெளி ஆய்வகத்துக்கு, ஹெச்பிஎல்சி முறையில் உறுதிசெய்ய அனுப்பப்பட்டன. மழைக்குப் பின் வந்த ஒரு லாட்டில் ஈரப்பதம் 9.2 சதவீதம், ஆய்வக முடிவு கிலோவுக்கு 22 மைக்ரோகிராம். லாட் திருப்பி அனுப்பப்பட்டது. அதன்பின் வரவு ஈரப்பத எல்லை 7 சதவீதமாக நிர்ணயிக்கப்பட்டது.'

இந்த வரிகளைப் படிக்கிறவருக்கு நிறைய விஷயம் பிடிபடும். இவர் 20 கிலோ எடுக்கவில்லை, 5 கிலோதான் எடுத்திருக்கிறார். சிறு கூடத்தில் ஒவ்வொரு டன்னுக்கும் 20 கிலோ பருப்பை அரைத்துக் கொட்ட முதலாளி சம்மதிக்க மாட்டார் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். பட்டைச் சோதனை எதற்கு, ஹெச்பிஎல்சி எதற்கு என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார். ஈரம் ஏறிய பருப்பில்தான் பூஞ்சை வளரும் என்பதைப் புரிந்துகொண்டு, வாசலிலேயே தடுப்பு வைத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேல், ஒரு லாட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

நேர்காணலில் அடுத்து வரும் கேள்வி நேராக இருக்கும். "ஹெச்பிஎல்சி நீங்களே ஓட்டினீங்களாம்மா?" "இல்லைங்க சார். அது வெளிய அனுப்பினோம். மாதிரி எடுத்தது, அரைச்சது, பட்டை போட்டது நான்." இந்தப் பதிலைச் சொல்ல முடிகிறவருக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கல்லூரி ஆய்வகத்தில் ஒருமுறை பார்த்த இயந்திரத்தை 'கையாண்டவை' பட்டியலில் சேர்த்தவர், அடுத்த கேள்வியிலேயே தடுமாறுவார். எந்தக் கரைப்பானில் நஞ்சைப் பிரித்தெடுத்தீர்கள், எந்தக் கண்டறிவான் இருந்தது என்று கேட்டால் போதும்.

நுண்ணுயிரியலிலும் இப்படிச் சில சிறு அடையாளங்கள் உண்டு. பத்து மடங்கு நீர்த்த கரைசலிலிருந்து ஒரு மில்லி எடுத்துத் தட்டில் ஊற்றி, ஒரு காலனியும் வளரவில்லை என்றால் பதிவேட்டில் 'பூஜ்யம்' என்று எழுதக் கூடாது. 'கிராமுக்கு 10க்கும் குறைவு' என்றுதான் எழுத வேண்டும், ஏனென்றால் அந்த நீர்த்தலில் அதற்குக் கீழே பார்க்கவே முடியாது. அதேபோல் சால்மோனெல்லா. 25 கிராம் மாதிரியை 225 மில்லி ஊட்டக் கரைசலில் போட்டு முதல் நாள் முழுக்க வளர விட வேண்டும். பிறகு தேர்வு ஊடகங்கள், பிறகு உறுதிப்படுத்தல். வழக்கமான வளர்ப்பு முறையில் முடிவு வர நான்கைந்து நாள் ஆகும். அனுபவப் பகுதியில் 'அன்றாட உற்பத்தி சால்மோனெல்லா சோதனைக்குப் பின் அன்றே விடுவிப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தால், அவர் அந்தத் தட்டைத் தொட்டதே இல்லை, அல்லது அவருடைய கூடத்தில் முடிவு வரும் முன்னே சரக்கு போய்க்கொண்டிருந்தது என்று பொருள்.

இரண்டாவது எவ்வளவு கொடியது என்பதற்கு நிலக்கடலைத் தொழிலிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. அமெரிக்காவில் பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனத்தின் ஜார்ஜியா மாநில ஆலையிலிருந்து போன நிலக்கடலைப் பொருள்களால் 2008 - 2009இல் சால்மோனெல்லா பரவியது. 714 பேர் நோயுற்றதாகப் பதிவானது, 9 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது என்னவென்றால், ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே சரக்கு அனுப்பப்பட்டிருந்தது, தரச் சான்றிதழ்கள் பொய்யாகத் தயாரிக்கப்பட்டிருந்தன. நிறுவனத் தலைவர் ஸ்டூவர்ட் பார்னெலுக்கு 2015இல் 28 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்த ஆலையின் தர உறுதி மேலாளருக்கும் 5 ஆண்டு, நீதிக்கு இடையூறு செய்த குற்றத்துக்காக. தரப் பிரிவில் இருக்கும் சம்பளக்காரர் 'முதலாளி சொன்னார்' என்று ஒதுங்கிவிட முடியாது என்பதை இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ரெஸ்யூமேயில் 'தரச் சான்றிதழில் கையெழுத்திடும் பொறுப்பு' என்று எழுதினால், அது பெரிய பொறுப்பு. உண்மையில் கையெழுத்திட்டிருந்தால் மட்டும் எழுத வேண்டும். தயாரித்துக் கொடுத்தது நான், கையெழுத்திட்டது மேலாளர் என்றால் அப்படியே எழுதலாம். அதனால் மதிப்புக் குறையாது.

அடுத்தது சுகாதாரத் தணிக்கை. 'தணிக்கைகளில் பங்கேற்றேன்' என்பதற்குள் மூன்று வேறு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. வெளியிலிருந்து தணிக்கையாளர் வந்தபோது பக்கத்தில் நின்று கோப்புகளை எடுத்துக் கொடுத்தது ஒன்று. சொந்தக் கூடத்தில் மாதாமாதம் உள் தணிக்கை நடத்தியது இன்னொன்று. பருப்பு, வெல்லம் தரும் வியாபாரியின் கிடங்குக்குப் போய்ப் பார்த்தது மூன்றாவது. ஐந்து நாள் பயிற்சி முடித்துவிட்டுத் தலைமைத் தணிக்கையாளர் என்று போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. பயிற்சிச் சான்றிதழ் வேறு, தணிக்கை செய்த அனுபவம் வேறு. எதைச் செய்தோம் என்று சொன்ன பிறகு, எதை வைத்துச் செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் உணவுக் கூடங்களின் சுகாதாரத்துக்கு அடிப்படை, 2011ஆம் ஆண்டு உரிம விதிகளின் நான்காம் அட்டவணை. சுவர், தரை, வடிகால், தண்ணீர், பூச்சிக் கட்டுப்பாடு, தொழிலாளர் உடல்நலம் என்று எல்லாம் அதில் வரும்.

ஆனால் தணிக்கைப் பட்டியலை நிரப்புவதை விட, ஏதாவது ஒன்று தவறியபோது என்ன செய்தார் என்பதுதான் ஆளைக் காட்டும். நம் கடலை மிட்டாய்க் கூடத்திலேயே ஒரு நிகழ்ச்சி. மிட்டாயைத் தட்டில் பரப்பி உருளை ஓட்டிக் கத்தியால் கட்டம் போடுகிறார்கள். கத்தி முனை தேயும், சில்லு உடையும். அதனால் பொட்டலம் கட்டிய பிறகு உலோகக் கண்டறிவான் வழியாகப் பண்டம் போகிறது. மணிக்கொருமுறை மூன்று சோதனைத் துண்டுகளை அனுப்பி அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது வழக்கம்: இரும்பு, இரும்பல்லாத உலோகம், துருப்பிடிக்காத எஃகு. எஃகுதான் பிடிக்கக் கடினமானது, அதனால் அதன் துண்டு கொஞ்சம் பெரியதாக, 2.5 மில்லிமீட்டராக இருக்கும்.

ஒருநாள் பிற்பகல் மூன்று மணிச் சோதனையில் எஃகுத் துண்டு பிடிபடாமல் அந்தப் பக்கம் போய்விட்டது. இரண்டு மணிக்குப் பிடித்திருந்தது. இப்போது என்ன செய்வது? இயந்திரத்தைச் சரிசெய்து ஓட்டத்தைத் தொடர்வது பாதி வேலைதான். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் எந்த நிமிடத்தில் கெட்டது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அந்த ஒரு மணி நேர உற்பத்தி முழுவதையும் தனியே எடுத்து, சிவப்பு அட்டை கட்டி, இயந்திரம் சரியானதும் மறுபடி ஒவ்வொரு பெட்டியாக ஓட்ட வேண்டும். கிடங்குக்குப் போனதையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். பிறகு காரணம். தேடிப் பார்த்தால், பண்டம் அடிக்கடி ஒதுக்கப்படுகிறது என்று எரிச்சல்பட்ட ஒரு தொழிலாளி உணர்திறனைக் குறைத்து வைத்திருக்கிறார். அவரைத் திட்டி முடித்துவிடலாம். நம் பெண் இன்னும் ஒரு படி போய், ஏன் அடிக்கடி ஒதுக்கியது என்று பார்த்தார். பொட்டலத்தின் சுற்றுறையைப் புதிதாக அலுமினியப் பூச்சுள்ளதாக மாற்றியிருந்தார்கள், கண்டறிவான் அதையே உலோகம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. தீர்வு, உறை போடுவதற்கு முன்னால் கண்டறிவானை நகர்த்துவது, அமைப்பைக் கடவுச்சொல்லால் பூட்டுவது. இந்த முழுக் கதையும் ரெஸ்யூமேயில் மூன்று வரியில் வந்துவிடும். 'உலோகக் கண்டறிவான் சோதனைத் தோல்வி, ஒரு மணி நேர உற்பத்தி நிறுத்திவைப்பு, மறு ஓட்டம். மூலகாரணம்: அலுமினியப் பூச்சு உறை. திருத்தம்: கருவியின் இடமாற்றம், அமைப்புப் பூட்டு.' தர மேலாளர் ஒருவர் இதைப் படித்தால் நிமிர்ந்து உட்காருவார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய நிறுவனத்தின் தவற்றை ஊரறியச் சொல்வதுபோல் எழுதக் கூடாது. வாடிக்கையாளர் பெயர், வியாபாரி பெயர், செய்முறை விகிதம் எதுவும் வேண்டாம். 'ஒரு சூப்பர் மார்க்கெட் சங்கிலியின் தணிக்கை' என்றால் போதும். நிறுவனத்தின் ரகசியத்தை ரெஸ்யூமேயில் கொட்டுகிறவர் நாளை நம்முடையதையும் கொட்டுவார் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார்.

தயாரிப்புச் சோதனைக்கு வருவோம். எனக்கு இந்தப் பகுதி மிகப் பிடிக்கும், ஏனென்றால் இதில்தான் மாஸ்டரின் கையும் படிப்பும் சந்திக்கின்றன. கடலை மிட்டாயின் மழைக்கால நோய் பிசுபிசுப்பு. ஐப்பசியில் கடலோர ஊர்க் கடைகளிலிருந்து 'மிட்டாய் உறையில் ஒட்டுது' என்று திருப்பி அனுப்புவார்கள். வெல்லத்தில் சர்க்கரை மட்டும் இல்லை, குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாக உடைந்த சர்க்கரையும் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். பாகைச் சற்று முன்னதாக இறக்கினாலும் ஈரம் மிஞ்சி இதே நிலை வரும்.

மாஸ்டர் பதம் பார்ப்பது பழைய முறை. ஒரு துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு எடுத்து, தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். நம் பெண் அவருடைய முறையை மாற்றச் சொல்லவில்லை. அவர் இறக்கும் ஒவ்வொரு வார்ப்பிலும் வெப்பமானியை வைத்து, எத்தனை டிகிரியில் இறக்கினார் என்று எழுதிக்கொண்டே வந்தார். 138இலிருந்து 146 டிகிரி வரை மாறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வார்ப்பிலும் சில பொட்டலங்களை எடுத்து வைத்து, ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், பிசுபிசுத்தவை பெரும்பாலும் கீழ் வெப்பத்தில் இறக்கியவை. அப்படியானால் 146இல் இறக்கச் சொல்லிவிடலாமா? அங்கே வெல்லம் அடிப்பிடித்துக் கசந்தது. சோதனை அறையில் இரண்டு கிலோ வாணலியில் காய்ச்சிப் பார்த்ததில் 142 டிகிரி நன்றாக வந்தது. கூடத்தில் 25 கிலோ கொப்பரையில் அதே 142இல் இறக்கியபோது மறுபடி பிசுபிசுப்பு.

சோதனை அறையில் வென்றது கூடத்தில் தோற்பது இத்துறையில் அன்றாடம் நடப்பது. பலர் தோற்ற பகுதியை ரெஸ்யூமேயிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். அதை எழுதுவதுதான் புத்திசாலித்தனம். காரணம் இதுதான்: சிறிய வாணலி 12 நிமிடத்தில் அந்த வெப்பத்தைத் தொட்டுவிடும், கொப்பரைக்கு 40 நிமிடம் ஆகும். வெல்லம் லேசான அமிலத்தன்மை உள்ளது. அமிலத்தில் நெடுநேரம் கொதித்தால் சர்க்கரை மேலும் மேலும் உடைந்து, ஈரம் இழுக்கும் பகுதி கூடிவிடும். வெப்பம் ஒன்றுதான், ஆனால் வந்து சேர்ந்த நேரம் வேறு. தீர்வாக வார்ப்பின் அளவைப் பாதியாகக் குறைத்து, தீயைக் கூட்டி, நேரத்தைச் சுருக்கினார்கள். ரெஸ்யூமே வரி: 'இரண்டு கிலோ சோதனையிலிருந்து 25 கிலோ வார்ப்புக்கு மாற்றியபோது பிசுபிசுப்பு மீண்டும் வந்தது. கொதிநேரமே காரணம் என்று கண்டறிந்து வார்ப்பு அளவு 12 கிலோவாகக் குறைப்பு. மழைக்காலத் திருப்பி அனுப்பல்கள் குறைந்தன.' எவ்வளவு குறைந்தன என்பதற்குப் பதிவேடு இருந்தால் எண்ணைப் போடலாம். இல்லாவிட்டால் 'குறைந்தன' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எல்லா ரெஸ்யூமேயிலும் 30 சதவீத முன்னேற்றம் என்று ஒரு எண் வந்து உட்கார்ந்துவிடுகிறது. எதை எதனால் வகுத்த 30 என்று கேட்டால் பதில் வருவதில்லை.

ஈரப்பதம் அளப்பதிலும் ஒரு வலை உண்டு. வெல்லத்தையோ மிட்டாயையோ 105 டிகிரி அடுப்பில் வைத்து எடைக் குறைவைப் பார்த்தால், தண்ணீர் மட்டும் போகாது, சர்க்கரையும் சிதைந்து எடை குறையும். உண்மைக்கு மேலான ஈரம் காட்டும். வெற்றிட அடுப்பில் 70 டிகிரி அளவில் செய்ய வேண்டும். 'ஈரப்பத அளவீடு: வெற்றிட அடுப்பு முறை' என்று எழுதிய ஒரு சொல்லிலேயே, இவர் தன் பண்டத்தை அறிந்தவர் என்பது தெரிந்துவிடும்.

கெடுகாலச் சோதனையை மட்டும் கவனமாகப் படிக்கிறேன். '38 டிகிரி வெப்பம், 90 சதவீத ஈரக்காற்று, 45 நாள் சோதனை. கெடுகாலம் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதமாக உயர்வு' என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கடுமையான சூழல், உறை ஈரத்தைத் தடுக்கிறதா என்பதை வேகமாகச் சொல்லிவிடும். ஆனால் கடலை எண்ணெய் சிக்கு வாடை அடிப்பது வேறு வேகத்தில் நடக்கிறது. ஒன்றின் பெருக்கலை இன்னொன்றுக்குப் போட முடியாது. அதற்குத் தனியாகப் பெராக்ஸைடு எண் பார்க்க வேண்டும், கடை அலமாரிச் சூழலில் ஆறு மாதமும் மாதிரி வைத்துப் பார்க்க வேண்டும். நான்கு மாதமே அந்த நிறுவனத்தில் இருந்தவர் ஆறு மாதக் கெடுகாலத்தை நிரூபித்ததாக எழுதினால், தேதிகளே அதை மறுத்துவிடும். 'வேகச் சோதனை முடித்தேன், அலமாரிச் சோதனை நான் வெளியேறும்போது நான்காம் மாதத்தில் இருந்தது' என்பது எவ்வளவு நல்ல வரி!

தரநிலைகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பெயர்களை அடுக்குவதால் பயன் இல்லை. எந்தப் பண்டத்துக்கு எந்த விதியின் எந்த எண்ணைப் பயன்படுத்தினார் என்பதே கேள்வி. கடலைக்கே பார்ப்போம். நேரடியாக உண்ணும் நிலக்கடலையில் இந்திய எல்லை 10 மைக்ரோகிராம் என்றேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் மொத்த அஃப்ளாடாக்ஸின் 4, அதில் பி1 என்ற வகை மட்டும் 2. ஆக, கிலோவுக்கு 7 மைக்ரோகிராம் காட்டும் ஒரே லாட் மதுரைக் கடையில் சட்டப்படி விற்கலாம், ஜெர்மனித் துறைமுகத்தில் திருப்பி அனுப்பப்படும். 'இந்திய, ஐரோப்பிய எல்லைகளின்படி லாட் பிரிப்பு' என்று எழுதியவருக்கு இந்த வேறுபாடு தெரியும். அதோடு, பொட்டலத்தில் நிலக்கடலையை ஒவ்வாமைப் பொருளாக அறிவிக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகள் சொல்கின்றன. அதே கூடத்தில் எள் மிட்டாயும் ஓடினால், அதைத் தின்கிற கடலை ஒவ்வாமைக்காரருக்காக இடையில் எப்படிக் கழுவினார்கள் என்பதும் எழுதத் தகுந்த அனுபவம்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு வழியே வேறு. அது அரசுத் தேர்வு மூலம் வருவது. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. அங்கே ரெஸ்யூமேயை விட மதிப்பெண் முக்கியம். ஆனால் அந்தப் பணியிலிருந்து தனியார் துறைக்கோ சர்வதேச அமைப்புக்கோ போகிறவர் எழுதும் ரெஸ்யூமேயில் ஆய்வகத்தை விடச் சட்ட நடைமுறை கனமாக இருக்கும். மாதிரியை நான்கு பகுதியாகப் பிரித்து முத்திரையிட்டது, ஒன்றை உணவுப் பகுப்பாய்வாளருக்கும் இரண்டை நியமன அலுவலருக்கும் அனுப்பியது, கேட்டுக்கொண்ட வியாபாரிக்காக நான்காவதை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பியது, 14 நாளுக்குள் வர வேண்டிய அறிக்கையின் மேல் நடவடிக்கை எடுத்தது எல்லாம் அதில் வரும். எத்தனை மாதிரி எடுத்தார் என்பதை விட, முத்திரையிலோ பிரிப்பிலோ தவறு இல்லாமல் எத்தனை வழக்கு நின்றது என்பது அவருடைய திறமையைச் சொல்லும்.

இனி, அனுபவமே இல்லாத இளையவர்கள். தஞ்சாவூர் நிஃப்டெமிலோ ஏதோ ஒரு தனியார் கல்லூரியிலோ படித்துவிட்டு, ஒரு மாதம் ஏதாவது ஆலையில் பயிற்சி எடுத்திருப்பார்கள். பக்கத்தை நிரப்ப இருபது கருவிகளின் பெயரை எழுதுவார்கள். அதற்குப் பதில் ஒரே ஒன்றை முழுதாக எழுதினால் போதும். 'ஒரு மாதப் பால் ஆலைப் பயிற்சி. வரவுப் பாலில் கெர்பர் முறையில் கொழுப்பு அளந்தேன், ஒவ்வொரு மாதிரிக்கும் இருமுறை. இரண்டு அளவீட்டுக்கும் வேறுபாடு அதிகமாக இருந்த நாள்களில் நீர்த்தொட்டியின் வெப்பம் 65 டிகிரிக்குக் கீழே போயிருந்ததைக் கவனித்து மேற்பார்வையாளரிடம் தெரிவித்தேன்.' இதில் இருப்பது ஒரு குழாய், ஒரு வெப்பமானி, இருமுறை அளக்கும் பழக்கம். முதல் வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் தேடுவது அந்தப் பழக்கத்தைத்தான். கருவியை ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.